பட்டினப்பாலை: 301 அடியில் முதலில் பிடிக்க வேண்டிய 6 அடி

பழைய நூல் என்றால் பயம் என்று சொல்பவர்களைக் கொஞ்சம் கிளறிக் கேட்டால் பயம் இரண்டாகப் பிரியும். ஒன்று சொல் மேல். எழுத்துக்கூட்டி வாசிக்க முடிகிறது, பொருள் தெரியவில்லை. இன்னொன்று வாக்கியத்தின் மேல். சொல் எல்லாம் தெரிந்தாலும் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது, யார் எதைச் செய்தார் என்று பிடிபடவில்லை. இரண்டுக்கும் மருந்து வேறு. சொல்லுக்கு ஒரு நல்ல பதிப்பு போதும். வாக்கியச் சிக்கலுக்கு எத்தனை அகராதி வாங்கினாலும் பயனில்லை.

இரண்டும் ஒன்றாக வந்து தாக்கும் நூலுக்கு நல்ல எடுத்துக்காட்டு பட்டினப்பாலை. காவிரி கடலோடு கலக்கும் பூம்புகாரைப் பாடுவது. பாடியவர் கடியலூர் உருத்திரங்கண்ணனார், பாட்டுடைத் தலைவன் கரிகால் சோழன். பத்துப்பாட்டில் ஒன்று. மொத்தம் 301 அடி. உள்ளே சிறு நிறுத்தங்கள் இருந்தாலும், முழுப் பாட்டையும் இரண்டே இரண்டு பெரிய வாக்கியம் என்று சொல்லிவிடலாம். இப்படிப்பட்ட ஒன்றைப் புதிதாக வருபவருக்குப் பரிந்துரைப்பது விபரீதமாகத் தோன்றும். ஆனால் டெல்டாவில் பிறந்து வளர்ந்தவருக்கு இதில் வரும் பொருள்களில் பாதி வீட்டு வாசலிலும் வயலிலும் கிடப்பவை. எஞ்சுவது வாக்கியத்தைப் பிரிக்கும் கை வேலை. அதை இந்த ஒரு பாட்டில் பழகிக்கொண்டால் மற்ற பாட்டுகளுக்கும் அதே கை உதவும்.

முதலில் பதிப்பு. ஓலைச்சுவடியில் சொல்லுக்குச் சொல் இடம் விடும் வழக்கம் கிடையாது, புள்ளியும் வைப்பதில்லை. எ, ஏ இரண்டுக்கும் ஒரே வடிவம். ஒ, ஓ இரண்டும் அப்படியே. அதைப் படித்துப் பிரித்து அச்சுக்குக் கொண்டுவந்தது எவ்வளவு பெரிய வேலை என்பது, கும்பகோணம் கல்லூரியில் வேலை பார்த்துக்கொண்டே உ.வே.சாமிநாதையர் 1889இல் பத்துப்பாட்டைப் பதிப்பித்த கதையைப் படித்தால் தெரியும். ஆனால் அந்தக் காலத்துப் பதிப்புகள் சீருக்கு ஏற்பத்தான் இடம் விடும், சொல்லுக்கு ஏற்ப அல்ல. ‘நேரிழை மகளிர் உணங்குணாக் கவரும்’ என்று இருக்கும். ‘உணங்குணா’ என்பதை ஒரே சொல்லாக எடுத்துக்கொண்டு அகராதியில் தேடினால் கிடைக்காது. ‘உணங்கு உணா’ என்று பிரித்துப் போட்டிருந்தால் பாதி வேலை முடிந்தது. 1950களில் மர்ரே எஸ். ராஜம் சந்தி பிரித்து மலிவு விலையில் வெளியிட்ட பதிப்புகளுக்குப் பிறகு இந்த முறை பரவிவிட்டது. கடையில் நூலை வாங்கும்போது நடுவில் ஒரு பக்கத்தைத் திறந்து இரண்டு விஷயம் பார்த்தால் போதும்: சந்தி பிரித்திருக்கிறதா, ஒவ்வொரு பகுதிக்கும் கீழேயே உரை இருக்கிறதா. உரை எல்லாம் கடைசியில் மொத்தமாக இருந்தால் முன்னும் பின்னும் புரட்டியே அலுத்துப்போகும். காசு செலவழிக்க மனமில்லாதவருக்குத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் தளத்தில் மூலமும் உரையும் இலவசமாகவே இருக்கின்றன.

பழைய உரையாசிரியர் நச்சினார்க்கினியரை முதல் வாசிப்பில் தொட வேண்டாம். அவர் பெரிய அறிஞர், அதில் சந்தேகமில்லை. ஆனால் பத்தடி தள்ளி இருக்கும் சொல்லை இழுத்து வந்து இங்கே சேர்த்துப் பொருள் சொல்வது அவர் வழக்கம். புதிதாக வருபவர் மூலத்தில் கண் வைத்துக்கொண்டு அவர் உரையைப் பின்தொடர்ந்தால் வழி தவறிவிடும். இருபதாம் நூற்றாண்டு உரை ஒன்றே போதும். பொ.வே.சோமசுந்தரனார் உரை நல்ல துணை.

இப்போது பாட்டு. முதல் அடியிலிருந்து தொடங்காதீர்கள். பெரும்பாலானவர்கள் கைவிடுவது அங்கேதான். பழந்தமிழ் நெடும்பாட்டின் முதுகெலும்பு முன்னால் இருப்பதில்லை, வினைமுற்று வரும் இடத்தில் இருக்கும். பட்டினப்பாலையில் அது 218 முதல் 220 வரை:

முட்டாச் சிறப்பின் பட்டினம் பெறினும்
வார் இருங் கூந்தல் வயங்கு இழை ஒழிய
வாரேன் வாழிய நெஞ்சே

பொருள் தேடிப் போகும்படி நெஞ்சு தலைவனை உந்துகிறது. அவன் நெஞ்சுக்குப் பதில் சொல்கிறான்: குறைவில்லாத சிறப்புள்ள இந்தப் பட்டினமே கிடைத்தாலும், நீண்ட கருங்கூந்தலாளை விட்டுவிட்டு உன்னோடு வரமாட்டேன். அவ்வளவுதான் செய்தி. ‘பட்டினம் பெறினும்’ என்ற இரண்டு சொல்லில் வரும் பட்டினம் எப்படிப்பட்டது என்று சொல்லத்தான் முன்னால் 217 அடி. அதாவது அத்தனை நீளமும் ஒரு பெயர்ச்சொல்லுக்கு முன் அடுக்கிய அடைமொழி. அடுத்து கடைசி மூன்று அடி, 299 முதல் 301 வரை:

திருமாவளவன் தெவ்வர்க்கு ஓக்கிய
வேலினும் வெய்ய கானம் அவன்
கோலினும் தண்ணிய தடமென் தோளே

கரிகாலன் பகைவர் மேல் ஓங்கிய வேலைவிடக் கொடியது நான் போக வேண்டிய காடு. அவன் செங்கோலைவிடக் குளிர்ந்தவை இவள் தோள்கள். ஏன் வரமாட்டேன் என்பதற்கு இது காரணம். இடையில் 220ஆம் அடியின் கடைசியிலிருந்து 298 வரை வருவதெல்லாம் அந்தத் திருமாவளவன் யார் என்ற விரிவு. சிறையில் இருந்து தப்பி ஆட்சியைப் பிடித்த கதை அங்கே வருகிறது. கூண்டுக்குள் வளர்ந்த புலிக்குட்டி என்று தொடங்கும்.

இந்த ஆறு அடியை ஒரு தாளில் எழுதி எதிரில் வைத்துக்கொண்டு பிறகு முதல் அடிக்கு வாருங்கள். இப்போது எந்த அடியில் நின்றாலும் ‘இது பட்டினத்துக்கு அடைமொழி’ என்றோ ‘இது கரிகாலனுக்கு அடைமொழி’ என்றோ தெரியும். வினைமுற்று எப்போது வரும் என்று காத்திருந்து மூச்சு முட்டும் சிக்கல் தீர்ந்துவிடும்.

அடுத்து, படிக்க வேண்டிய அளவு. ஒரு தடவைக்கு ஒரு பெயர்ச்சொல் வரை. முதல் நிறுத்தம் 28ஆம் அடியில் வருகிறது: ‘குறும்பல்லூர் நெடுஞ்சோணாட்டு’. நெருங்கிய பல ஊர்களை உடைய பெரிய சோழ நாடு. முதல் 28 அடியும் இந்தச் சோணாட்டைத்தான் வருணிக்கின்றன. அதற்குள் நான்கு துண்டு இருக்கிறது: காவிரி, வயல், தோப்பு, வீட்டு முற்றம். முதல் துண்டு ஏழு அடி.

வசை இல் புகழ் வயங்கு வெண்மீன்
திசை திரிந்து தெற்கு ஏகினும்
தற்பாடிய தளி உணவின்
புள் தேம்பப் புயல் மாறி
வான் பொய்ப்பினும் தான் பொய்யா
மலைத் தலைய கடற் காவிரி
புனல் பரந்து பொன் கொழிக்கும்

அடி எவ்வளவு சின்னது பாருங்கள். அடிக்கு இரண்டே சீர். வஞ்சி நெடும்பாட்டு என்று இந்தப் பாட்டுக்கு ஒரு பெயர் உண்டு. இந்தக் குட்டை அடிகளால் வந்தது அது. ஒவ்வோர் அடியின் முடிவிலும் நிறுத்தி வாய்விட்டுப் படித்தால் கண்ணால் படிப்பதைவிடச் சீக்கிரம் பிரியும். இங்கே தேட வேண்டியது ‘காவிரி’ என்ற பெயர். அதைக் கண்டவுடன் பின்னோக்கி வாருங்கள். எப்படிப்பட்ட காவிரி? மலையில் தலை வைத்து, கடலுக்குப் போகும் காவிரி. இன்னும் எப்படிப்பட்டது? தான் பொய்யாதது. எப்போது? வான் பொய்த்தாலும். அதற்கும் முன்னால்? வெண்மீன், அதாவது வெள்ளிக் கோள், திசை மாறித் தெற்கே போனாலும். வெள்ளி தெற்கே விலகினால் மழை தவறும் என்பது அக்கால நம்பிக்கை. ‘இனும்’ என்ற ஒட்டு இரண்டு இடத்தில் வருகிறது, ஏகினும், பொய்ப்பினும். இரண்டையும் பென்சிலால் வட்டமிட்டால் வாக்கியத்தின் எலும்பு கண்ணுக்குத் தெரியும்: இது நடந்தாலும், அது நடந்தாலும், பொய்க்காத காவிரி.

‘தற்பாடிய’ மட்டும் சற்று இடறும். தன்னைப் பாடிய என்று பொருள். யார் அந்தத் ‘தான்’ என்று தேடினால் முன்னால் யாரும் இல்லை. அடுத்த அடியில் வரும் புயல், அதாவது மேகம், அதுதான். மேகத்தைப் பாடி, அதன் துளியையே உணவாகக் கொள்ளும் வானம்பாடி வாடும்படி மழை தவறினாலும் என்பது கருத்து. சுட்டும் சொல் முதலிலும் சுட்டப்படும் பொருள் பிறகும் வரும் என்று தெரிந்துவிட்டால் இந்தத் தடுமாற்றம் மற்ற பாட்டுகளிலும் குறையும். மேட்டூர் ஜூன் 12இல் திறக்குமா திறக்காதா என்று ஆண்டுதோறும் பேப்பர் பார்ப்பவருக்கு ‘வான் பொய்ப்பினும் தான் பொய்யா’ என்பதைப் படித்தால் ஒரு பெருமூச்சு வரலாம். அது வேறு விஷயம்.

இரண்டாவது துண்டு வயல். விளைச்சல் அறாத கழனி. கரும்பு ஆலையின் தீ வெக்கையில் பக்கத்து வயல் நெய்தல் பூ வாடுகிறது. முற்றிய செந்நெல் கதிரைத் தின்ற எருமைக் கன்று நெற்கூட்டு நிழலில் படுத்துத் தூங்குகிறது. மூன்றாவது துண்டில் வினையே கிடையாது. தென்னை, வாழை, கமுகு, மஞ்சள், மா, பனை, சேம்பு, இஞ்சி என்று எட்டுப் பெயர், ஒவ்வொன்றுக்கும் ஓர் அடை. ‘கோள் தெங்கின் குலை வாழை’ என்று தொடங்கும். கொல்லைப்பக்கம் போய் எண்ணுவது மாதிரி எண்ணிக்கொண்டே போகலாம். தெங்கு, கமுகு, பெண்ணை என்ற மூன்றில் பெண்ணைக்கு மட்டும் பனை என்று குறிப்பு வேண்டியிருக்கும். பழந்தமிழில் பட்டியல்தான் மிக எளிய பகுதி என்பது பலருக்குத் தெரிவதில்லை. நீளமாக இருப்பதால் பயந்து தாண்டிவிடுகிறார்கள்.

நான்காவது துண்டுதான் உண்மையான சோதனை.

அகல் நகர் வியல் முற்றத்துச்
சுடர் நுதல் மட நோக்கின்
நேர் இழை மகளிர் உணங்கு உணாக் கவரும்
கோழி எறிந்த கொடுங்கால் கனங்குழை
பொற்கால் புதல்வர் புரவி இன்று உருட்டும்
முக்கால் சிறுதேர் முன்வழி விலக்கும்

முதல் இரண்டு அடி பழைய குட்டை அடி. மூன்றாவதிலிருந்து அடிக்கு நான்கு சீராக நீள்கிறது. நீண்டதும் சிக்கலும் கூடுகிறது. நேராகப் படித்தால் ‘மகளிர் கவரும்’ என்று கேட்கிறது. பெண்கள் எதையோ பறிக்கிறார்கள் போல. அடுத்த அடியில் ‘கோழி எறிந்த குழை’ என்று கேட்கிறது. கோழி காதணியை எறிந்தது போல. இரண்டும் தவறு. உலர்த்திய தானியத்தைக் கவர்வது கோழி. அதை விரட்டக் கையில் கிடைத்த காதணியைக் கழற்றி எறிந்தவர்கள் மகளிர். கோழியை என்று இருக்க வேண்டிய இடத்தில் ‘ஐ’ மறைந்து நிற்கிறது. ‘உணங்கு உணாக் கவரும்’ என்ற முழுத் தொடரும் கோழிக்கு அடை. அதை ஓர் அடைப்புக்குள் போட்டுவிட்டால் மிஞ்சுவது தெளிவு: மகளிர், கோழியை, எறிந்த, குழை.

இது பழைய மொழிக்கு மட்டும் உரிய குழப்பம் என்று நினைக்க வேண்டாம். களத்தில் நெல் காயும்போது ‘கோழி வெரட்டுற கம்ப எங்க வச்ச?’ என்று கேட்டால் யாராவது கோழிதான் விரட்டுகிறது என்று புரிந்துகொள்வார்களா? அதே இலக்கணம்தான் இங்கேயும். பேச்சில் தானாகவே நடக்கும் வேலை, அச்சில் பார்த்தவுடன் நின்றுவிடுகிறது. எனவே சந்தேகம் வந்த இடத்தில் செய்ய வேண்டியது இதுதான்: ஒவ்வொரு ‘கவரும்’, ‘எறிந்த’, ‘உருட்டும்’, ‘விலக்கும்’ கீழும் கோடு போட்டு, இதைச் செய்தது யார் என்று தனித்தனியாகக் கேட்பது. கவர்வது கோழி. எறிந்தது மகளிர். உருட்டுவது புதல்வர். வழியை மறிப்பது குழை. நான்கு வினை, நான்கு எழுவாய். விடை எங்காவது நகைப்புக்கு இடமாக வந்தால், கோழி குழையை எறிவது மாதிரி, எங்கோ ஒரு வேற்றுமை உருபு மறைந்திருக்கிறது என்று அர்த்தம். தவறாகப் பிரித்துவிட்டோம் என்று தானே கண்டுபிடிக்க இதைவிட எளிய சோதனை இல்லை.

இப்போது காட்சி முழுதாக வருகிறது. எறிந்த கனமான காதணி முற்றத்தில் கிடக்கிறது. காலில் பொன் அணிந்த சிறுவர்கள் குதிரை இல்லாமல் உருட்டிவரும் மூன்று சக்கரச் சிறுதேர் அதில் முட்டி நிற்கிறது. நடைவண்டி உருட்டும் குழந்தையைப் பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. அடுத்த அடி ‘விலங்கு பகை அல்லது கலங்கு பகை அறியா’ என்று முடிக்கிறது. வண்டியை மறிக்கும் இந்தப் பகையைத் தவிர, கலங்க வைக்கும் பகை எதையும் அறியாத குடிகள். அப்படிப்பட்ட குடிகள் வாழும் நாடு என்று சோணாட்டில் வந்து நிற்கிறது. 28 அடி முடிந்தது.

இதே வேலையை அடுத்தடுத்த நிறுத்தங்களுக்குச் செய்தால் பாட்டு தீர்ந்துவிடும். வரிசை தவறக் கூடாது என்று கட்டாயம் இல்லை. துறைமுகத் தெருவில் குவிந்த சரக்கைச் சொல்லும் பகுதியை, ‘நீரின் வந்த நிமிர் பரிப் புரவியும்’ என்று தொடங்குவதை, இரண்டாவதாகவே எடுத்துக்கொள்ளலாம். ஒவ்வோர் அடியும் ‘உம்’ போட்டு முடியும் பட்டியல் அது. கடல் வழி வந்த குதிரை, வடமலைப் பொன், குடமலைச் சந்தனம், தென்கடல் முத்து, கங்கைப் பொருள், காவிரிப் பயன், ஈழத்து உணவு என்று போகும். இங்கே ஒரு கண்ணி மட்டும் இருக்கிறது. ‘கருங்கறி மூடை’ என்றால் கறிக்கடைச் சமாசாரம் அல்ல, மிளகு மூட்டை. தெரியாத சொல்லைவிட ஆபத்தானது தெரிந்த மாதிரி இருக்கும் சொல். ‘துகிர்’ தெரியாது, எனவே உரையைப் பார்த்துப் பவளம் என்று தெரிந்துகொள்வோம். ‘கறி’ தெரியும் என்று நினைத்துப் பார்க்காமலே போய்விடுவோம். காட்சிக்குப் பொருந்தாத சொல் எதுவானாலும், எவ்வளவு பழக்கமானதானாலும், உரையில் ஒரு முறை சரிபார்ப்பது நல்லது. அதே நேரம் தெரியாத எல்லாச் சொல்லுக்கும் நின்றால் ஓட்டம் போய்விடும். வினையும் அதைச் செய்தவரும் தெரிந்தால் அடைமொழியை முதல் தடவையில் விட்டுவிடலாம். ‘சுடர் நுதல் மட நோக்கின்’ புரியாவிட்டாலும் கோழியும் குழையும் புரியும்.

301 அடியைத் தொடவே தயக்கமாக இருப்பவருக்குப் பக்கத்திலேயே ஒரு சின்ன வாசல் உண்டு. சிலப்பதிகாரத்தின் கானல் வரியில் வரும் காவிரிப் பாட்டு. ‘மருங்கு வண்டு சிறந்து ஆர்ப்ப, மணிப் பூ ஆடை அது போர்த்து, கருங்கயல் கண் விழித்து ஒல்கி நடந்தாய் வாழி காவேரி’. வாக்கியம் ஒன்று, எழுவாய் ஒன்று, வினைமுற்று ‘நடந்தாய்’. அதற்கு முன் ஆர்ப்ப, போர்த்து, விழித்து, ஒல்கி என்று எச்சங்கள் வரிசையாக நிற்கின்றன. ‘ஆர்ப்ப’ மட்டும் வண்டு செய்தது, மற்றவை காவிரி செய்தது. நெடுவாக்கியத்தின் அமைப்பு முழுவதும் இங்கே சிறிய அளவில் இருக்கிறது. ‘தற்பாடிய’வைப் பார்த்து மிரண்டவர் இதில் ஒரு நாள் கை பழகிவிட்டுத் திரும்பலாம்.

ஆனால் அந்த உற்சாகத்தில் சிலப்பதிகாரத்தை முதல் பக்கத்திலிருந்து தொடங்கினால் மூன்றாவது காதையில் நின்றுவிடுவது உறுதி. அரங்கேற்று காதை முழுக்க ஆடல், யாழ், குழல், அரங்கின் அளவு பற்றிய நுட்பம். மேடை ஏழு கோல் அகலம், எட்டு கோல் நீளம், ஒரு கோல் உயரம் என்று அளந்து சொல்லும். இசை தெரிந்தவருக்கே உரை இல்லாமல் ஓடாது. அதைத் தாண்டிக் கதைக்குப் போகலாம், ஒன்றும் குறையாது. மதுரைக் காண்டத்தின் வழக்குரை காதையை முதலில் படித்தால் இன்னும் நல்லது. கேள்வியும் பதிலுமாகப் போவதால் வாக்கியங்கள் சிறியவை, யார் பேசுகிறார் என்பதில் குழப்பம் வராது. மணிமேகலையிலும் இதே மாதிரி: 27ஆம் காதையும் 29ஆம் காதையும் சமய வாதமும் தருக்கமும். அவற்றைக் கடைசிக்கு வைக்கலாம்.

உரைநடையிலேயே தொடங்க வேண்டும் என்றால் உ.வே.சாவின் என் சரித்திரம். 1940 முதல் ஆனந்த விகடனில் தொடராக வந்தது. பொதுவாசகருக்காக எழுதியதால் வாக்கியம் குட்டை, அத்தியாயமும் குட்டை. உத்தமதானபுரம், மாயவரம், திருவாவடுதுறை, கும்பகோணம் என்று ஊரெல்லாம் நம் பஸ் ரூட்டில் வருபவை. அதில் சீவக சிந்தாமணியைக் கையில் வைத்துக்கொண்டு அவரே திணறும் பகுதியை மட்டும் தேடிப் படிக்கலாம். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்டவர், கல்லூரித் தமிழாசிரியர்; ஆனாலும் நூல் சமண சமயத்தைச் சேர்ந்தது என்பதால் பல இடம் அவருக்கு விளங்கவில்லை. அகராதியிலும் இலக்கணத்திலும் தேடிக் கிடைக்காததைக் கும்பகோணத்தில் இருந்த ஜைனர்களிடம் போய்க் கேட்டுத் தெரிந்துகொண்டார். அவருக்குத் தெரியாதிருந்தது சொல்லோ வாக்கியமோ அல்ல, அந்த நூல் பேசும் வாழ்க்கை. பட்டினப்பாலையில் அந்தப் பகுதி டெல்டாக்காரருக்கு ஏற்கெனவே தெரியும்.